பிளாஷ்பேக்கை ஃபில்டரில் போடாதீர்கள், படத்திலேயே வரையுங்கள்

அனிமேஷன் குறும்படத்தில் பிளாஷ்பேக் வைக்கிறவர்கள் பலர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஸ்டோரிபோர்டு போட்டு, எல்லா ஷாட்டையும் ஒரே மாதிரி வரைந்து முடித்துவிட்டு, கடைசியில் லேயர்களை ஒன்றுசேர்க்கும் காம்போசிட்டிங்கில் பழைய காட்சிகளுக்கு மேல் ஒரு பழுப்பு லேயரைப் போட்டு ஓரங்களைக் கொஞ்சம் மங்கலாக்கி, சரி, இது கடந்த காலம் என்று விட்டுவிடுகிறார்கள். வரைந்தவருக்குக் கதை தெரியும், அதனால் அது தெளிவாக இருப்பதுபோலத்தான் தோன்றும். முதல்முறை பார்ப்பவருக்கோ அந்தப் பழுப்பு சாயங்கால வெயிலாகவும் இருக்கலாம், விளக்கு வெளிச்சமாகவும் இருக்கலாம். கண் கூசக்கூடாது என்று போனில் நைட் மோடு போட்டுப் பார்க்கிறவருக்கு மொத்தப் படமுமே மஞ்சளாகத்தான் தெரியும், உங்கள் பிளாஷ்பேக் நிறம் அதில் கரைந்துவிடும்.

நிறத்தை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். ஒரு கதையை வைத்தே பார்ப்போம். ஐந்து நிமிடப் படம், வசனம் கிடையாது. ஆற்றுப் பாலத்தில் போகும் பஸ்ஸில் ஒரு பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். அவர் சிறுமியாக இருந்தபோது இந்தப் பாலம் இல்லை, அக்கரைக்குப் பரிசலில்தான் போக வேண்டும், பரிசல் ஓட்டியவர் அவருடைய அப்பா. அவர் வளர்ந்து இளம்பெண்ணானபோது பாலம் கட்ட ஆரம்பிக்கிறார்கள், தூண் எழும்ப எழும்ப அப்பா கவலையில் ஆழ்கிறார். ஆக மொத்தம் மூன்று காலம். இரண்டு கடந்த காலத்துக்கும் ஒரே பழுப்பைப் பூசினால் எது முதலில் நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒன்றுக்குப் பழுப்பு, இன்னொன்றுக்கு நீலம் என்று வைத்தாலும் எது எதற்கு முந்தியது என்பதை நிறம் சொல்லாது.

ஆனால் இந்தக் கதையிலேயே ஒரு கடிகாரம் இருக்கிறது, அந்தப் பாலம்தான். சிறுமி காலத்தில் வெறும் ஆறு, இளம்பெண் காலத்தில் பாதி எழும்பிய தூண்கள், இப்போது முழுப்பாலம். ஆறு தெரிகிற எந்த வைட் ஷாட்டைப் பார்த்தாலும் எந்தக் காலம் என்று அரை நொடியில் பிடிபட்டுவிடும். ஆகவே உங்கள் கதையிலும் காலத்தோடு வளர்கிற அல்லது தேய்கிற பொருள் எது என்று முதலில் தேடுங்கள். ஒரு மரமாக இருக்கலாம், கடைப் பலகையாக இருக்கலாம். அப்படி ஒன்று கிடைக்கவே இல்லையென்றால், ஸ்டோரிபோர்டுக்குப் போவதற்கு முன்பே கதைக்குள் ஒன்றை வைத்துவிடுவது நல்லது.

அடுத்த தவறு குளோசப்பில் வருகிறது. முகத்தை நெருக்கமாகக் காட்டும்போது பாலம் ஃபிரேமில் இருக்காது, அங்கே அடையாளம் அறுந்துபோகும். அதனால் இன்னொரு அடையாளமும் வேண்டும், அது எல்லா ஷாட்டிலும் இருக்க வேண்டும். இந்தப் படத்தில் அதைக் கோடுகளிலேயே வைக்கலாம். பஸ்ஸுக்குள் ஜன்னல் கம்பி, சீட்டின் முதுகு, பாலத்தின் கைப்பிடி எல்லாமே நேர்கோடு. பரிசலில் எல்லாமே வளைவு, விளிம்பு வளைந்திருக்கும், முகத்துக்குப் பின்னால் மூங்கில் பின்னல் தெரியும். நடுக்காலத்தில் முன்னால் பரிசலின் வளைவு, பின்னால் தூணின் நேர்கோடு, இரண்டும் ஒரே ஃபிரேமில் மோதும். இது சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, எல்லா ஷாட்டிலிருந்தும் ஒரு ஃபிரேம் எடுத்துச் சின்னதாக்கி ஒரே தாளில் அடுக்கி, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். நிறமே இல்லாமலும் மூன்று கூட்டமாகப் பிரிந்து தெரிந்தால் நிம்மதியாக வேலையைத் தொடரலாம்.

இனி மாறுகிற இடம். ஒரு ஷாட் மங்கி அடுத்தது அதன்மேல் தெளிந்து வருகிற டிஸால்வ் வைத்தால் காலம் மாறியதாகப் பார்ப்பவர் புரிந்துகொள்வார் என்று நினைக்கிறோம், ஆனால் அதே படத்தில் பஸ் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போவதற்கும் டிஸால்வ் வைத்திருந்தால் அந்த அர்த்தம் போய்விடும். ஒரு படத்தில் காலம் மாறுவதற்கென்று ஒரு முறையை ஒதுக்கினால் வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது.

மேட்ச் கட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டியின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறது, கட், அதே இடத்தில் அதே அளவில் சிறுமியின் கை துடுப்பைப் பிடித்திருக்கிறது. அழகான ஐடியாதான், ஆனால் பொருத்தம் கச்சிதமாக அமைந்துவிட்டால் கட் நடந்ததே சிலருக்குத் தெரியாது. அதனால் கையில் சுருக்கமும் வளையலும் போன்ற வித்தியாசங்கள் முதல் ஃபிரேமிலேயே பளிச்சென்று இருக்க வேண்டும், அப்புறம் இன்னொரு குளோசப்புக்குப் போகாமல் உடனே பாலமில்லாத ஆற்றை வைட்டில் காட்ட வேண்டும். அந்த வைட் ஷாட்டுக்கு ஒரு நொடி கொடுத்தால் போதாது. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 72 ஃபிரேமாவது, அதாவது மூன்று நொடியாவது நிற்கட்டும். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தத்தைக் கட்டுக்கு 12 முதல் 16 ஃபிரேம் முன்பே பஸ் இரைச்சலுக்கு அடியில் ஆரம்பித்துவிடுங்கள், கண் போய்ச் சேருவதற்கு முன்பே காது அங்கே போய்விடும்.

பழைய காலத்துக்குப் போவதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறவர்கள் திரும்பி வருவதைக் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு மிகவும் உறுத்துகிற தவறு இதுதான். அப்பாவின் முகத்திலிருந்து சட்டென்று பாட்டியின் முகத்துக்குக் கட் செய்தால், பார்ப்பவர் ஒரு நொடி அந்த ஆற்றங்கரையிலேயே நின்றுகொண்டிருப்பார். திரும்பும்போதும் ஜன்னல் கம்பி ஃபிரேமைக் குறுக்கே வெட்ட வேண்டும், ஹாரன் சத்தம் முந்தி வர வேண்டும். கூடவே, நிகழ்காலமும் நகர்ந்திருக்க வேண்டும். போகும்போது பஸ் பாலத்தின் தொடக்கத்தில் இருந்தது, வரும்போது நடுவில் இருக்கிறது, அடுத்த முறை அக்கரையை நெருங்கிவிட்டது. பாட்டி அதே போஸில், பஸ் அதே தூணுக்கு நேராக நின்றால் பிளாஷ்பேக் நடுவில் சொருகியதுபோல ஆகிவிடும்.

கதாபாத்திரத்திலும் ஒரு கண் வையுங்கள். சிறுமி, இளம்பெண், பாட்டி மூவரையும் தனித்தனி நாளில் தனித்தனியாக வரையாமல் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, மாறவே மாறாத ஒன்றை வையுங்கள், இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு வேலையை மிச்சப்படுத்த ஒரு ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டால் மச்சம் வலது பக்கம் போய்விடும், ஆள் மாறியதுபோல இருக்கும். திருப்பிய ஷாட்டை எல்லாம் குறித்துவைத்து மச்சத்தை மட்டும் திரும்ப வரைய வேண்டும்.

வரிசையிலும் குழப்பம் வேண்டாம். குனியோ கட்டோவின் 2008 ஜப்பானியக் குறும்படம் ஒன்றில், தண்ணீர் உயர உயர வீட்டை மேலே மேலே கட்டிக்கொண்டு போகும் ஒரு முதியவர், கீழே விழுந்த புகைபிடிக்கும் பைப்பை எடுக்க முங்குகிறார். கீழ்த் தளங்களுக்கு இறங்க இறங்க இன்னும் பழைய நினைவுகள் வருகின்றன. ஆழம் கூடினால் காலம் பின்னால் போகிறது என்ற ஒரே விதிதான், அதனால் வசனமே இல்லாமல் புரிகிறது. நம் பாலப் படத்திலும் முதலில் வெறும் ஆறு, பிறகு பாதித் தூண் என்று ஒரே திசையில் போவதே நல்லது. முன்னும் பின்னும் தாவினால் ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட நேரம் இருக்காது.

இதையெல்லாம், ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரக்கணக்கோடு ஓடவிட்டுப் பார்க்கும் அனிமேட்டிக்கிலேயே சோதித்துவிடுங்கள், முழுசாக வரைந்த பிறகு மாற்றினால் வாரக்கணக்கில் வேலை வீணாகும். கதை தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, சத்தமில்லாமல் ஓடவிட்டு, அங்கங்கே நிறுத்தி "இது எப்போ நடக்குது?" என்று கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். அவர் தயங்குகிற ஷாட்டை உடனே திருத்தப் போகாமல், அதற்கு முந்தைய ஷாட்டை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் வைட் ஷாட் சீக்கிரம் வெட்டப்பட்டிருக்கும், இல்லையென்றால் போடவே மறந்திருப்போம்.