சிங்கப்பூரில் சூரிய உதயமும் அஸ்தமனமும் காண இடம் தேர்வதும், அன்றைய நாளை அதற்கேற்ப வகுப்பதும்

சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்தில், ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன் குடும்பத்தாரைக் கடலில் சூரியன் உதிப்பதைக் காட்டுவதற்காக அதிகாலையில் பிடோக் படகுத்துறைக்கு அழைத்துச் சென்றேன். நேரத்தைச் சரியாகப் பார்த்திருந்தேன். ஆனால் திசையைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்துக் காத்திருக்க, சூரியன் இடப்பக்கத்தில், சாங்கியை நோக்கி நீளும் கரைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டது. அதே இடத்தில் ஜனவரியில் நின்றால் சூரியன் நீர்ப்பரப்பின் மேலேயே எழுகிறது. புதிதாகத் திட்டமிடுவோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

முதற்படி: திசையை அறிதல்

நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், சிங்கப்பூரில் உதய நேரம் ஆண்டு முழுவதும் அரை மணி நேர அளவுக்கே மாறுகிறது. நவம்பர் தொடக்கத்தில் காலை 6.46 வாக்கிலும், பிப்ரவரியில் 7.16 வாக்கிலும் சூரியன் உதிக்கிறது. ஆனால் உதிக்கும் திசையோ மிகவும் நகர்கிறது. வடக்கை 0 பாகையாகவும் கிழக்கை 90 பாகையாகவும் கொண்டால், ஜூன் 21 வாக்கில் சூரியன் 67 பாகையில், அதாவது கிழக்கிலிருந்து வடபுறமாக விலகி உதிக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் 113 பாகையில், தென்புறமாக விலகி உதிக்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களின் 21ஆம் தேதியை ஒட்டி நேர் கிழக்கில் உதிக்கிறது. அஸ்தமனமும் இவ்வாறே ஜூனில் 293 பாகைக்கும் டிசம்பரில் 247 பாகைக்கும் இடையே நகர்கிறது. நம் முன்னோர் உத்தராயணம், தட்சிணாயனம் என்று குறித்தது இந்த நகர்வையே.

ஆகவே முதலில் உங்கள் பயணத் தேதிக்குரிய உதய, அஸ்தமன நேரங்களையும் பாகைகளையும் `suncalc.org` தளத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் திசையை அறியக் கைப்பேசியின் திசைகாட்டியே போதும். காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இங்கே ஒரு பாகைகூட வேறுபாடு இல்லை. கைப்பேசியை இரும்புக் கைப்பிடிச் சுவருக்கு அருகில் வைத்து அளக்காமல் இருந்தால் சரி.

இரண்டாம் படி: தொடுவானத்தை மறைப்பது எது என்று அளத்தல்

திசை சரியாக இருந்தும் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அட்டவணையில் உள்ள நேரம், தடையில்லாத தொடுவானத்துக்கு உரியது. கட்டடமோ மரமோ மறைத்தால் உதயம் தாமதமாகும், அஸ்தமனம் முந்திவிடும். இங்கே சூரியன் ஏறத்தாழ செங்குத்தாக ஏறி இறங்குவதால் கணக்கு எளிது: ஒரு பாகை உயரத்துக்குச் சுமார் 4 நிமிடம். கையை முழுவதும் நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. மூன்று விரல்களைச் சேர்த்தால் 5 பாகை. மரினா அணைக்கட்டில் நின்று நகரத்தின் உயர்ந்த கட்டடங்களைப் பார்த்தால், சில இடங்களில் அவை ஒரு முஷ்டி உயரத்துக்கு எழுந்து நிற்கும். அவற்றுக்குப் பின்னே இறங்கும் சூரியன், அட்டவணை நேரத்துக்கு 40 நிமிடம் முன்பாகவே மறைந்துவிடும். நகர விளக்குகளோடு கூடிய அந்தி வானத்தைக் காண அணைக்கட்டு மிக நல்ல இடம் என்றாலும், சூரிய வட்டம் மறைவதையே காண விரும்புவோருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

இடத்தை முன்கூட்டியே ஒரு பகலில் சென்று பார்ப்பது சிறந்தது. குறித்துவைத்த பாகையை நோக்கி நின்று கையை நீட்டிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

எந்த மாதத்துக்கு எந்த இடம் என்பதில் என் தேர்வு இது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உதயத்துக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. மே முதல் ஜூலை வரை சாங்கி கடற்கரை, அங்கே நீருக்கு அப்பால் தெக்கோங் தீவின் பக்கமாகச் சூரியன் எழும். அஸ்தமனத்துக்கு லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அக்கரைக் காடு சூரியனைச் சில நிமிடங்கள் முன்பே மறைத்தாலும், காற்றில்லாத மாலையில் நிறங்கள் நீரில் அப்படியே படியும்.

மூன்றாம் படி: நேரத்தைப் பின்னோக்கி எண்ணுதல்

பொங்கலை ஒட்டி மூன்று நாள் விருந்தினர் வருவதாக வைத்துக்கொள்வோம். ஜனவரி 14 அன்று உதயம் 7.12 வாக்கில், சுமார் 111 பாகையில், அஸ்தமனம் 7.15 வாக்கில். வானம் நிறம் கொள்ளத் தொடங்குவது உதயத்துக்கு ஏறத்தாழ 22 நிமிடம் முன்பு, அதாவது 6.50க்கு. மிக அழகான பகுதி பெரும்பாலும் சூரியன் தெரிவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், 6.40க்குக் கடற்கரையில் இருக்க வேண்டும். பிடோக்கில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து டாக்சியில் போய் நடப்பதற்கு 25 நிமிடம் ஆகும் எனவே 6.15க்குப் புறப்பாடு, பிள்ளைகள் இருப்பதால் 5.30க்கு எழுதல். எம்ஆர்டியில் செல்வோர் முதல் ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அது தாமதமாகத் தொடங்கும். பொங்கல் அன்று பானை வைக்கும் நல்ல நேரம் காலையிலேயே அமைந்தால், கடற்கரையை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள்; இரண்டையும் ஒரே காலையில் நெருக்கினால் இரண்டிலுமே மனம் நிற்காது.

மாலைக்கும் இதே கணக்குதான். இறங்கும் ஒளி பொன்னிறம் கொள்வது 6.45 வாக்கில், மறைந்த பிறகும் 7.37 வரை வெளிச்சம் இருக்கும். பலர் 7.15க்கே திரும்பிவிடுகிறார்கள், சிவப்பு அதன்பிறகுதான் கூடுகிறது. அலுவலகம் விடும் நேரத்து நெரிசலைக் கருதி 5.30க்கே புறப்பட்டுவிடுவது நல்லது.

ஒரே நாளில் இரண்டையும் முதன்மையாக வைக்க வேண்டாம். முதல் நாள் மாலை, இரண்டாம் நாள் காலை என்று வைத்து, மூன்றாம் நாளைத் தவறிப்போனதற்கான மாற்றாக விட்டுவையுங்கள். காலையில் வெளியே சென்ற நாளில் 11 மணியிலிருந்து 4 மணிவரை வீட்டிலோ அரும்பொருளகத்திலோ இருக்கலாம். வெயிலும் பிற்பகல் மழையும் அந்நேரத்தில் கழிந்துவிடும்.

நான்காம் படி: புறப்படுமுன் வானத்தைப் பார்த்தல்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில வேளைகளில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வானம் மூடிக்கிடக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரையோ, சுமத்ரா பக்கமிருந்து வரும் புயற்காற்று மழை விடியற்காலையிலேயே தாக்கக்கூடும். எழுந்தவுடன் `weather.gov.sg` தளத்திலோ `myENV` செயலியிலோ மழை ரேடார் படத்தைத் திறந்து, மேற்கிலிருந்து நீண்ட பட்டையாக மழை நகர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பிள்ளைகளை எழுப்பாதீர்கள். ரேடார் மழையைத்தான் காட்டும், மேகத்தைக் காட்டாது. ஆகவே சன்னல் வழியாகவும் பார்க்க வேண்டும். உயரத்தில் மெல்லிய இழைமேகம் இருந்தால் நிறம் நன்றாக வரும். சூரியன் தோன்றும் அல்லது மறையும் பக்கத்தில் மட்டும் தாழ்ந்த கருமேகத் திட்டு நின்றால், தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும் எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட மாலையில் நாங்கள் நீர்த்தேக்கத்துக்குச் செல்லாமல் தேக்காவில் பொங்கல் கரும்பும் மஞ்சள்கொத்தும் வாங்கிக்கொண்டு, அஸ்தமனத்தை மூன்றாம் நாளுக்கு மாற்றிவிடுவோம்.