இரண்டு கம்பியில் தொங்கும் தண்டு: எடையை எங்கே மாட்டினால் மட்டம் குலையாது?

ஒரு விறைப்பான தண்டு. அதன் ஒரு முனை இரும்புக் கம்பியிலும் மறுமுனை அலுமினியக் கம்பியிலும் தொங்குகிறது. கம்பிகள் ஒரே நீளம், ஒரே தடிமன். நடுவில் எடையை மாட்டினால் அலுமினியப் பக்கம் இறங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இறங்க எடையை எங்கே மாட்ட வேண்டும் என்பதை முதலில் கணக்கிலும் பிறகு மேசையிலும் பார்ப்போம். பொருள்களெல்லாம் சேலத்துப் பட்டறையில் எளிதாகச் சேர்க்கக்கூடியவைதான்.

கணக்கு

கம்பி 1 மி.மீ. நீள எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்பதே அதன் விறைப்பு. குறுக்குப் பரப்பை யங் குணகத்தால் பெருக்கி, நீளத்தால் வகுத்தால் அது கிடைக்கும். தண்டு மட்டமாக இருக்க இரண்டு கம்பியின் நீட்சியும் சமமாக வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு கம்பியும் தன் விறைப்புக்கு ஏற்ற பங்கு எடையைத் தாங்கும். எடை மாட்டிய புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறனைச் சமன் செய்தால் இது வரும்:

```
k = A × E / L
x = d × k2 / (k1 + k2)
```

`d` கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம். `x` இரும்புக் கம்பியிலிருந்து எடை வரை உள்ள தூரம். `k1` இரும்பின் விறைப்பு, `k2` அலுமினியத்தின் விறைப்பு.

இந்தச் சூத்திரத்தில் எடை வரவே இல்லை. 5 கிலோ மாட்டினாலும் 20 கிலோ மாட்டினாலும் இடம் ஒன்றுதான். எடை கூடினால் தண்டு அதிகமாக இறங்கும், ஆனால் சாயாது. கம்பிகள் நிரந்தரமாக நீண்டுவிடாத வரை இது பொருந்தும்.

இரும்புக்கு E 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு 70. தடிமனும் நீளமும் ஒன்றாக இருப்பதால் x = d × 70/270. கம்பிகளை 1080 மி.மீ. இடைவெளியில் வைத்தால் x சரியாக 280 மி.மீ. அந்த வசதிக்காகத்தான் 1080 என்ற அளவு.

பொருள்களும் அமைப்பும்

கம்பிக்கு டிக் வெல்டிங் ஃபில்லர் ராடு வாங்குங்கள்: 2.4 மி.மீ. விட்டத்தில் இரும்பு ஒன்று, அலுமினியம் (4043 ரகம்) ஒன்று. இவை ஒரு மீட்டர் நீளத்தில் நேராகவே கிடைக்கும். சுருளாக விற்கும் கம்பி வேண்டாம். எடை ஏறும்போது அதன் வளைவு நிமிர்வதும் நீட்சிபோலவே கணக்கில் சேர்ந்து, முடிவைக் கெடுத்துவிடும். தண்டுக்கு 40×40×2 மி.மீ. ஸ்கொயர் பைப் போதும். இவற்றோடு 0.01 மி.மீ. டயல் கேஜ் இரண்டு, ஒரு ரசமட்டம், ஒரு 20 கிலோ எடைக்கல்.

ஒவ்வொரு முனைக்கும் இரண்டு சிறிய பட்டைத் துண்டுகளை எடுத்து, நடுவில் அரத்தால் லேசாகக் காடி போட்டு, கம்பியை இடையில் வைத்து இரண்டு எம்6 போல்ட்டால் இறுக்குங்கள். பிடிக்கும் பிடிக்கும் இடையே இரண்டு கம்பியிலும் 900 மி.மீ. இருக்க வேண்டும். மேல் பிடியை நட்டு உள்ள கண் போல்ட்டில் தொங்கவிட்டால் உயரத்தைத் திருகிச் சரி செய்யலாம். கீழ்ப் பிடியைப் பைப்போடு ஒற்றை போல்ட்டால், தாராளமாகச் சுழலும்படி மாட்டுங்கள். அங்கே வெல்டு வைத்தால் கம்பி வளையத் தொடங்கும், கணக்கு பொருந்தாது. கம்பிகள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள்.

டயல் கேஜ்களைக் கம்பி மாட்டிய புள்ளிகளுக்கு நேர் கீழே, தரையில் நிற்கும் தாங்கியில் வையுங்கள். எடையால் பைப் நடுவில் சற்று வளைந்தாலும் கம்பிகளுக்குப் போகும் பங்கு மாறாது. முனைகளில் அளந்தால் அந்த வளைவு அளவில் சேராது. எடைக்கல்லுக்குக் கீழே மணல் மூட்டை ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

செய்யும் வரிசை

முதலில் எடையை 280-ல் மாட்டி எடுப்பதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பிடிகள் பதிந்து உட்காரும். பிறகு வெறும் தண்டை ரசமட்டம் வைத்து, மேல் நட்டுகளைத் திருகி மட்டமாக்குங்கள். தண்டின் சொந்த எடை நடுவில் செயல்படுவதால் அதுவும் அலுமினியப் பக்கத்தைச் சற்று இறக்கியிருக்கும். இந்தத் திருகலில் அது சரியாகிவிடும். இப்போது இரண்டு கேஜையும் பூஜ்யத்தில் வையுங்கள்.

20 கிலோவை 280 மி.மீ.-ல் மாட்டினால் இரண்டு கேஜும் ஏறக்குறைய 14 கோடு (0.14 மி.மீ.) காட்ட வேண்டும். நடுவில், அதாவது 540-ல் மாட்டினால் இரும்புப் பக்கம் 10, அலுமினியப் பக்கம் 28. ஒவ்வொரு முறையும் எடையை எடுத்தபின் முள் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பெரும்பாலும் பிடி வழுக்கியிருக்கும். பிடியின் ஓரத்தில் கம்பியின் மேல் பேனாவால் கோடு போட்டு வைத்தால் அது நகர்ந்ததா என்று உடனே தெரியும். இரண்டு பக்கமும் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இறங்கினால் மேல் சட்டம் தொய்கிறது. ஒரு கேஜைச் சட்டத்தில் வைத்துப் பாருங்கள்.

சாய்வைப் பார்க்க ரசமட்டம் போதாது. நடுவில் மாட்டியபோது வரும் வித்தியாசமே 18 கோடு, அதாவது 0.18 மி.மீ. கொத்தனார் ரசமட்டத்தில் குமிழி அதற்கு அசைந்ததாகவே தெரியாது.

வெயில் ஏறினால்

ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்தில் இரும்பு 0.012 மி.மீ. விரியும், அலுமினியம் 0.023. நம் 900 மி.மீ. கம்பியில் வித்தியாசம் டிகிரிக்குச் சரியாக ஒரு கோடு. சேலத்தில் ஏப்ரல் மாதம் தகரக் கூரைக்குக் கீழே காலையில் பூஜ்யம் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் எடை மாட்டினால் பத்து டிகிரி ஏறியிருக்கும். எடை இல்லாமலேயே அலுமினியப் பக்கம் பத்துக் கோடு தாழ்ந்து நிற்கும். அதைப் பார்த்து எடையின் இடத்தை நகர்த்தாதீர்கள். பூஜ்யம் வைப்பது, மாட்டுவது, படிப்பது மூன்றையும் ஐந்து நிமிடத்துக்குள் முடியுங்கள். கம்பியைக் கையால் பிடிக்கவும் வேண்டாம், உடல் சூடே இரண்டு மூன்று கோடு காட்டிவிடும். ஏற்காட்டில் செய்தாலும் வெயில் ஜன்னல் வழியாக ஒரு கம்பியில் மட்டும் விழக்கூடாது.

இரும்புக்குப் பதில் 308 ரக ஸ்டெயின்லெஸ் ஃபில்லர் போட்டால் இந்தத் தொல்லை பாதியாகும். அதன் விரிவு அலுமினியத்துக்கு நெருக்கம். E 193 என்பதால் இடம் 287-க்கு நகரும், அவ்வளவுதான்.

கம்பி எதுவென்று தெரியாதபோது

பழைய இரும்புக் கடைக் கம்பியின் E யாருக்கும் தெரியாது. எடையை நடுவில் ஒரே ஒருமுறை மாட்டி, இரண்டு கேஜையும் படியுங்கள். அங்கே இரண்டு கம்பிக்கும் சரிபாதி எடை போவதால் விறைப்புகளின் விகிதம் நீட்சிகளின் தலைகீழ் விகிதம். ஆகவே, முதல் கம்பியின் நீட்சி `δ1`, மற்றதன் நீட்சி `δ2` என்றால், முதல் கம்பியிலிருந்து எடை வரை உள்ள தூரம்:

```
x = d × δ1 / (δ1 + δ2)
```

நம் அளவில் 1080 × 10/38 = 284 மி.மீ. கணக்கு சொன்ன 280-லிருந்து 4 மி.மீ. தள்ளி வருவதற்குக் காரணம் கேஜைக் கோடு கோடாகப் படிப்பதுதான். இரும்புப் பக்கம் 11 என்று படித்திருந்தால் 305 வந்திருக்கும். எடையை 40 கிலோ ஆக்கினால் இந்தப் பிழை பாதியாகும். ஆனால் அதை எடுத்தபின் அலுமினியப் பக்க முள் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்த அளவை நம்ப வேண்டும்.