புதிய எண்ணிலிருந்து மேலே எண்ணாதீர்கள்: ஏவிஎல் மரச் சுழற்சியில் மதிப்பெண் போகும் இடம்

குடியாத்தத்திலிருந்து மாலை ரயிலில் காட்பாடிக்கு வந்து என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி, சென்ற வாரம் தன் உள்தேர்வு விடைத்தாளை நீட்டினாள். ஏவிஎல் மரம் வரையும் 13 மதிப்பெண் கேள்விக்கு நான்குதான் கிடைத்திருந்தது. "சுழற்சி செய்திருக்கிறேனே சார், எங்கே தவறு?" என்று கேட்டாள். படம் சுத்தமாக இருந்தது, அம்புக்குறிகள்கூடப் போட்டிருந்தாள். ஆனால் சுழற்ற வேண்டிய இடத்தில் சுழற்றவில்லை. வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதிகமாகப் பார்ப்பது இதைத்தான்.

அவள் வரைந்த மரத்தையே எடுத்துக்கொள்வோம். 50, 30, 70, 20, 40 என்ற வரிசையில் எண்கள் நுழைந்துவிட்டன. அடுத்து 45 வருகிறது.

```
        50
       /  \
     30    70
    /  \
  20    40
          \
           45
```

ஒரு கணுவின் இடப்பக்க உயரத்திலிருந்து வலப்பக்க உயரத்தைக் கழித்தால் வருவது அதன் சமநிலை எண். அது 1, 0, -1 ஆகியவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். சில புத்தகங்கள் வலத்திலிருந்து இடத்தைக் கழிக்கின்றன. எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், திருத்துபவருக்குக் குழப்பம் இருக்காது.

45 நுழைந்த பிறகு கீழிருந்து மேலே எண்ணிப் பார்ப்போம். 40க்கு -1. 30க்கு இடப்பக்கம் உயரம் 1, வலப்பக்கம் 2, ஆகவே அதுவும் -1. 50க்கு இடப்பக்கம் 3, வலப்பக்கம் 1, ஆகவே 2. குலைந்தது 50 மட்டுமே.

மாணவி இதுவரை சரியாகத்தான் எழுதியிருந்தாள். பிறகு கண் புதிய எண்ணின் மேல் போய்விட்டது. 45, அதன் பெற்றோர் 40, அதற்கும் மேலே 30 என்று கீழிருந்து மூன்றைப் பிடித்தாள். மூன்றும் வலப்பக்கமாக ஒரே கோட்டில் நிற்பதால் ஆர்-ஆர் என்று பெயரிட்டு, 30ஐ இடப்பக்கம் சுழற்றிவிட்டு நிறுத்திவிட்டாள். "இப்போது 50இன் இடப்பக்க உயரத்தை விரல் வைத்து எண்ணு" என்றேன். 40, 30, 20 என்று மூன்று முறை விரல் நகர்ந்தது. வலப்பக்கம் 70 ஒன்றுதான். பழைய 2 அப்படியே இருந்தது.

மூன்று கணுக்களைக் குலைந்த இடத்திலிருந்து கீழ்நோக்கித்தான் எடுக்க வேண்டும். 50இலிருந்து 45 நோக்கிப் போகும் பாதையில் முதல் இரண்டு அடிகளை மட்டும் பாருங்கள்: இடப்பக்கம் 30, பிறகு வலப்பக்கம் 40. ஆகவே இது எல்-ஆர். அதற்குக் கீழே பாதை எப்படி வளைந்தாலும் பெயர் மாறாது. 45க்குப் பதிலாக 35 வந்திருந்தால் அது 40இன் இடப்பக்கம் விழும். அப்போதும் எல்-ஆர்தான். வகுப்பில் இந்த 35ஐக் கொடுத்தால், 30, 40, 35 என்ற வளைவைப் பார்த்துப் பாதிப்பேர் ஆர்-எல் என்று எழுதுகிறார்கள். வகுப்பில் தரும் சின்ன உதாரணங்களில் பெரும்பாலும் புதிய எண்ணே மூன்றாவது கணுவாக அமைந்துவிடுவதால் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. மரம் ஓரடி ஆழமானதும் அது காலை வாருகிறது.

எல்-ஆருக்கு இரண்டு சுழற்சிகள் தேவை. முதலில் 30ஐ இடப்பக்கமாக, பிறகு 50ஐ வலப்பக்கமாக. மாணவி செய்தது முதல் பாதி. அவசரத்தில் வேறு சிலர் இரண்டாவதை மட்டும் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் 30 வேராகி, அதன் இடப்பக்கம் உயரம் 1, வலப்பக்கம் 3 ஆகிவிடும். 2 இருந்த இடத்தில் -2 வந்து நிற்கும், சாய்வு பக்கம் மாறியதுதான் மிச்சம். சரியான விடை இது:

```
        40
       /  \
     30    50
    /     /  \
  20    45    70
```

இதில் 45ஐக் கவனியுங்கள். அது 40இன் வலப்பிள்ளையாக இருந்தது. 40 மேலேறி 50 அதன் வலப்பக்கம் வந்ததும் 45க்கு அங்கே இடமில்லை, ஆகவே 50இன் இடப்பக்கம் போய் உட்காருகிறது. 40க்கும் 50க்கும் இடைப்பட்ட எண் வேறெங்கும் இருக்க முடியாது. இப்படி நடுவில் சிக்கும் கிளையைத் தாளில் தொலைத்துவிடுபவர்கள் நிறையப் பேர். வரைந்து முடித்ததும் இடம், வேர், வலம் என்ற வரிசையில் ஒருமுறை வாசியுங்கள்: 20, 30, 40, 45, 50, 70. ஏறுவரிசை கெட்டாலோ ஓர் எண் குறைந்தாலோ, நடுக்கிளையில் கை தவறியிருக்கிறது. அரை நிமிட வேலைதான்.

நிரல் எழுதச் சொன்னாலும் அதே நடுக்கிளைதான் சிக்கல். வலச்சுழற்சி இது:

```c
Node *rotateRight(Node *y) {
    Node *x = y->left;
    y->left = x->right;
    x->right = y;
    updateHeight(y);
    updateHeight(x);
    return x;
}
```

இரண்டாவது, மூன்றாவது வரிகளை இடம் மாற்றி எழுதினால் `x->right` ஏற்கெனவே `y` ஆகியிருக்கும். அடுத்த வரி `y->left` என்பதை `y` மீதே திருப்பிவிடும். நடுக்கிளை தொலைவதோடு, மரத்தைச் சுற்றிவரும் நிரல் முடிவின்றி ஓடும். உயரங்களையும் இந்த வரிசையில்தான் புதுப்பிக்க வேண்டும். `y` கீழே இறங்கிவிட்டது, அதன் உயரம் தெரிந்தால்தான் `x`இன் உயரத்தைக் கணக்கிட முடியும்.

பெயர்களும் குழப்புகின்றன. எல்-எல் என்பது புதிய எண் விழுந்த திசை, சுழற்றும் திசை அதற்கு எதிர். எல்-எல்லுக்கு வலப்பக்கம், ஆர்-ஆருக்கு இடப்பக்கம்.

கடைசியாக ஒன்று. இதில் மாணவர்கள் மதிப்பெண் கேட்டுச் சண்டைக்கே வருவார்கள். 40, 30, 50, 20, 10 என்று நுழைத்துப் பாருங்கள். 10 வந்ததும் 30க்கும் 2, 40க்கும் 2. இரண்டு கணுக்கள் ஒரே நேரத்தில் குலைந்துவிட்டன. வேரிலிருந்து பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் 40ஐச் சுழற்றுகிறார்கள். 30 வேராகிறது, இடப்பக்கம் 20, 10, வலப்பக்கம் 40, 50. எண்ணிப் பார்த்தால் எல்லாக் கணுக்களும் சமநிலையில்தான் இருக்கும்! "சார், மரம் சரியாகத்தானே இருக்கிறது?" என்ற கேள்வி நியாயமானதும்கூட. ஆனால் 1962இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் தந்த முறையில் நுழைத்தால் கிடைக்கும் மரம் அதுவல்ல. புதிய எண்ணிலிருந்து மேலே ஏறும்போது முதலில் எதிர்ப்படும் குலைந்த கணு 30. அதைச் சுழற்றினால் 20 மேலேறி, 10உம் 30உம் அதன் பிள்ளைகளாகின்றன.

```
        40
       /  \
     20    50
    /  \
  10    30
```

40ஐத் தொடவே இல்லை, அதன் எண் தானாக 1 ஆகிவிட்டது. காரணம், நுழைப்புக்குப் பிந்தைய சுழற்சி அந்தக் கிளையின் உயரத்தை நுழைப்புக்கு முன்பிருந்த அளவுக்கே கொண்டுவந்துவிடுகிறது. 30இன் கிளை முன்பு உயரம் 2, 10 வந்ததும் 3, சுழற்றியதும் மீண்டும் 2. அதற்கு மேலே உள்ள கணுக்களுக்கு எதுவும் நடக்காதது போலத்தான். ஆகவே ஒரு நுழைப்புக்கு ஓர் இடத்தில் சரிசெய்தால் போதும், அது ஒற்றைச் சுழற்சியானாலும் இரட்டையானாலும். நீக்கும்போது இந்த உறுதி கிடையாது, அங்கே வேர் வரைக்கும் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.