திருமண அழைப்புச் செய்தியில் அத்தை, மாமா, பெரியப்பா: மலையாளத்தில் எழுதுவது எப்படி?

மார்த்தாண்டத்துப் பெண்ணுக்கு நெய்யாற்றின்கரையில் மாப்பிள்ளை அமைந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பை மலையாளத்திலும் எழுத வேண்டியிருக்கும். எல்லையின் இரு பக்கத்தாருக்கும் அடுத்தவர் பேச்சு ஓரளவு புரியும் என்பதால், உறவுப் பெயர்களும் அப்படியே பொருந்திவிடும் என்று நினைத்துவிடுகிறோம். இந்த வரியை எடுத்துக்கொள்வோம்:

"எங்கள் பெரியப்பா தலைமையில் நடைபெறும் திருமணத்துக்கு அத்தையும் மாமாவும் அன்புடன் அழைக்கிறோம்."

முதலில், மொழியைத் தொடாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் மணப்பெண்ணிடமிருந்து உறவு செல்லும் வழியை ஒரு தாளில் எழுதுங்கள். அத்தை என்பவர் அப்பாவின் உடன்பிறந்தவரா, அம்மாவின் சகோதரருடைய மனைவியா? தமிழில் இருவரும் அத்தைதான். இரண்டாமவரை மாமி என்று அழைக்கும் வீடுகளும் நம் மாவட்டத்தில் உண்டு. ஆகவே ஊகிக்காமல் வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது படியில் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறோம். அப்பாவின் சகோதரி தென்கேரளத்தில் அப்பச்சி. தாய்மாமாவின் மனைவி அம்மாயி. அத்தை மாறினால் உடன் வரும் மாமாவும் மாறுகிறார். தாய்மாமாவை அம்மாவன் என்று எழுதலாம். அப்பச்சியின் கணவரை அம்மாவன் என்று எழுதினால், சீர் கொண்டுவரும் தாய்மாமா அவர்தான் என்று மாப்பிள்ளை வீட்டார் எண்ணிவிடக்கூடும். அவரை "அப்பச்சியுடெ பர்த்தாவு" என்று விளக்கிவிடுவதே நல்லது. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் பந்தியிலும் மேடையிலும் யாரை எந்த மரியாதையோடு வரவேற்பது என்ற குழப்பம் வராது.

பெரியப்பா எளிது போலத் தோன்றும், ஆனால் அங்கேதான் வழுக்கும். பெரிய, அப்பா என்று பிரித்து "வலியப்பன்" என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் அந்தச் சொல் தாத்தாவைக் குறிக்கும். வலியச்சன் என்பதே பொதுவாகப் பொருந்தும். அது அப்பாவின் அண்ணனையும் பெரியம்மாவின் கணவரையும் குறிப்பதால், தமிழ்ச் சொல்லின் அகலமும் குறையாது. பேரப்பன் என்று அழைக்கும் குடும்பமாக இருந்தால் அவர்கள் சொல்லையே எழுதுங்கள்.

அடுத்து "எங்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மணப்பெண்ணின் தம்பி எழுதிய இந்த வரியை அப்பா தம் எண்ணிலிருந்து அனுப்பினால், தம் சொந்த அண்ணனையே அவர் பெரியப்பா ஆக்கிவிடுகிறார். "எங்கள்" என்பதை எடுத்துவிட்டு, "வதுவின்றெ வலியச்சன்", அதாவது மணப்பெண்ணின் பெரியப்பா, என்று எழுதினால் யார் அனுப்பினாலும் உறவு சரியாக நிற்கும். அழைப்பவர்களையும் அதே முறையில் "வதுவின்றெ அப்பச்சியும் பர்த்தாவும்" என்று எழுதிவிடலாம்.

அனுப்புவதற்கு முன், குடும்பத்தை அறியாத ஒரு மலையாளியிடம் செய்தியைக் கொடுத்து, யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அந்தப் படம் நீங்கள் முதலில் எழுதிய தாளோடு எந்த இடத்தில் ஒத்துப்போகவில்லையோ, அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.