ஒரே கரோசல்: லிங்க்ட்இனுக்கு பி.டி.எஃப், இன்ஸ்டாவுக்குப் படங்கள்

பெங்களூரு அல்சூரில் என் தோழி ஒருத்தி வீடுகளுக்கு மழைநீர்ச் சேகரிப்பு அமைத்துத் தரும் தொழில் செய்கிறாள். புது வீடு கட்டுகிறவர்கள் அவளை இன்ஸ்டாகிராமில் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். ஆர்க்கிடெக்ட்டுகளும் அபார்ட்மென்ட் சங்கத்துக்காரர்களும் லிங்க்ட்இன் வழியாக வருகிறார்கள். “30×40 மனையில் மழைநீர்” என்று தமிழில் எட்டு பக்கக் கரோசல் ஒன்று செய்து இரண்டிலும் போட வேண்டும் என்றாள். அந்த வேலையையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை வித்தியாசம். இன்ஸ்டாகிராமில் பல படங்களை ஒன்றாகப் போட்டால் அவை தானாகவே தள்ளிப் பார்க்கும் கரோசல் ஆகிவிடும். லிங்க்ட்இனில் அதே படங்களைப் போட்டால் கட்டம் கட்டமாக ஒட்டிய தொகுப்பாகத்தான் தெரியும். நீங்கள் அமைத்த வரிசை அங்கே உடைந்துபோகும். பக்கம் பக்கமாகத் தள்ள வேண்டுமென்றால் அங்கே பி.டி.எஃப் ஆக, டாக்குமெண்ட் போஸ்ட்டாகப் போட வேண்டும். அந்த பி.டி.எஃப்பைப் பார்ப்பவர் பதிவிறக்கிக்கொள்ளலாம், வாட்ஸ்அப்பில் இன்னொருவருக்கு அனுப்பலாம். அதாவது உங்கள் போஸ்ட்டை விட்டுப் பிரிந்து அது தனியாகப் பயணிக்கும். கீழே சொல்லும் மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால் வருபவை.

படி 1: இரண்டுக்கும் பொதுவான மூலம்

கேன்வாவிலோ வேறு எதிலோ 1080×1350 பிக்சலில் தொடங்குங்கள். இந்த 4:5 அளவு இரண்டு தளத்திலும் ஃபோன் திரையை நன்றாக நிரப்பும். இன்ஸ்டாகிராம் ப்ரொஃபைல் கட்டம் இப்போது 3:4. அதனால் உங்கள் முதல் படத்தின் இடமும் வலமும் சுமார் 34 பிக்சல் வெட்டுப்படும். நாலு பக்கமும் 80 பிக்சல் ஓரம் விட்டுவிட்டால் எழுத்து எதுவும் வெட்டுப்படாது.

எழுத்தின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். 1080 பிக்சல் அகலப் பக்கம் ஃபோனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 24-இல் அடித்த எழுத்து அங்கே 8 ஆகத் தெரியும். தமிழின் சுழிகளும் கொம்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உள்ளடக்க எழுத்துக்கு 36-க்குக் கீழே நான் போவதில்லை.

படி 2: கணக்குப் பக்கத்தை இரண்டாகப் பிரிப்பது

அதிக நேரம் எடுத்தது இந்தப் பக்கம்தான். மூலத்தில் இருந்த கணக்கு இது: 1,000 சதுர அடி கூரை என்பது 93 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கூரை ஈரமாவதிலும் முதல் அழுக்குத் தண்ணீரை வெளியே விடுவதிலும் கொஞ்சம் போகும் என்பதால் 0.85-ஆல் பெருக்குகிறோம். பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 970 மி.மீ மழை. ஆக:

```
93 × 970 × 0.85 = 76,678 லிட்டர்
```

லிங்க்ட்இன் பதிப்பில் இதை முழுசாக, 0.85-இன் காரணத்தோடு ஒரே பக்கத்தில் வைத்தோம். ஆர்க்கிடெக்ட் தன்னுடைய கூரை அளவைப் போட்டுப் பார்ப்பார். காரணம் சொல்லாத எண்ணை அவர் நம்ப மாட்டார். பதிவிறக்கிய பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் யாராவது பார்த்தாலும் புரிய வேண்டும்.

இன்ஸ்டாகிராமில் அதே பக்கம் கனமாக இருந்தது. வீடு கட்டுகிறவருக்கு ஆண்டுக் கணக்கைவிட ஒரு மழையின் கணக்குதான் சட்டென்று பிடிபடும். “ஒரு நல்ல மழை, 20 மி.மீ. உங்கள் மாடியிலிருந்து சேமிக்க முடிவது எவ்வளவு?” என்று ஒரு ஸ்லைடு. அடுத்ததில் “1,580 லிட்டர். 1,000 லிட்டர் டேங்க் ஒன்றரை தடவை நிரம்பும்” என்று பெரிய எழுத்தில். சூத்திரம் கேப்ஷனுக்குப் போய்விட்டது. எட்டு பக்கம் ஒன்பது ஸ்லைடு ஆனது. இன்ஸ்டாகிராம் இருபது வரை அனுமதிப்பதால் தொல்லையில்லை.

படி 3: முதல் இரண்டு பக்கங்கள்

இன்ஸ்டாகிராமில் ஒருவர் முதல் படத்தைத் தள்ளாமல் கடந்து போனால், பிறகு பெரும்பாலும் அதே போஸ்ட்டின் அடுத்த படத்தை அவருக்குக் காட்டுகிறது. ஆகவே இரண்டாவது ஸ்லைடும் ஒரு அட்டைதான். எங்கள் மூலத்தில் இரண்டாவது பக்கம் “முதலில் விதியைப் பார்ப்போம்” என்று தொடங்கியது. முதல் படத்தைப் பார்க்காதவருக்கு எந்த விதி என்றே தெரியாது. “30×40 மனையில் புது வீடா? மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம்” என்று மாற்றினோம்.

லிங்க்ட்இனில் இந்தக் கவலை இல்லை. அங்கே வேறொன்று கேட்கும்: பி.டி.எஃப்புக்குத் தனித் தலைப்பு. அட்டையில் இருப்பதையே அதிலும் போடுவது வீண். யாருக்கான கோப்பு என்று சொல்லுங்கள். இடம் குறைவு. தமிழில் புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் நினைத்ததைவிடச் சீக்கிரம் நிறைந்துவிடும்.

படி 4: பக்க எண்

சின்ன விஷயம்தான், ஆனால் பின்னால் கைகொடுக்கும். லிங்க்ட்இன் பதிப்பில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எண்ணும் தொழில் பெயரும் போடுங்கள். கோப்பு கைமாறினாலும் யாருடையது என்று தெரியும்.

இன்ஸ்டாகிராம் பதிப்பில் எண்ணை எடுத்துவிடுங்கள். செயலியே மேலே 1/9 என்று காட்டுகிறது. அதைவிட முக்கியம், வெளியிட்ட பிறகு ஒரு ஸ்லைடில் பிழை கண்டால் அதை மட்டும் நீக்க முடியும். படத்திலேயே 3/9, 5/9 என்று இருந்தால், நீக்கியது பல்லிளிக்கும். லிங்க்ட்இனில் வெளியிட்டபின் எழுத்தைத் திருத்தலாம், பி.டி.எஃப்பை மாற்ற முடியாது. ஒரு எண் தப்பென்றாலும் மொத்த போஸ்ட்டையும் வந்த கமெண்ட்டுகளோடு அழித்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும். எனவே கடைசிச் சரிபார்ப்பை பி.டி.எஃப்பில் செய்யுங்கள், அதுவும் வேறொருவர் கண்ணால்.

படி 5: ஏற்றுமதி

லிங்க்ட்இன் பி.பி.டி கோப்பையும் ஏற்கும். தமிழில் வேண்டாம். நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அங்கே இல்லையென்றால் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். வரி உடையும், சில சமயம் கொம்பும் காலும் இடம் மாறும். பி.டி.எஃப் ஆக்கி, அதை உங்கள் கணினியில் பார்ப்பதோடு நிறுத்தாமல் வேறொருவர் ஃபோனிலும் திறந்து, “கொட்டும்”, “சேகரிப்பு”, “தொட்டி” போன்ற சொற்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ எழுத்துக்குப் பின்னால் போயிருந்தால் ஏற்றுமதியில் தமிழ் எழுத்துகள் சரியாக அமையவில்லை என்று அர்த்தம்.

இன்ஸ்டாகிராமுக்கு ஜே.பி.ஜி போதும். கணினியிலிருந்து ஃபோனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் என்றால் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருக்கப்பட்டு எழுத்தின் விளிம்பு மங்கிவிடும். ஏற்றும்போது நீங்கள் தொடும் வரிசைதான் ஸ்லைடு வரிசை, எனவே கோப்புப் பெயர்களில் 1, 2, 3 இருக்கட்டும்.

படி 6: கடைசிப் பக்கம்

இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் இணைப்பு போட்டாலும் அழுத்த முடியாது. தோழியின் கடைசி ஸ்லைடில் “உங்கள் கூரை அளவை மெசேஜில் அனுப்புங்கள், லிட்டர் கணக்கைச் சொல்கிறேன்” என்று மட்டும் வைத்தோம். லிங்க்ட்இன் பி.டி.எஃப்பின் கடைசிப் பக்கத்தில் அலுவலக ஃபோன் எண், மின்னஞ்சல், எந்தெந்தப் பகுதிகளில் வேலை எடுக்கிறார்கள் என்ற விவரம். கூடவே கணக்கு எந்த மாதம் போடப்பட்டது என்றும் சேர்த்தோம். ஒரு வருடம் கழித்து எங்கிருந்தோ அந்தக் கோப்பு கையில் கிடைக்கிறவர், விதியும் விலையும் மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள அந்த ஒரு வரி வேண்டும்.