கட்வொர்க் ஓரம் ஏன் பிரிகிறது? கத்தரி எடுப்பதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

துணியில் கட்வொர்க்காக நான் போட்ட அந்த இலை முதல் சலவை வரைக்கும் அப்படியே இருந்தது. 4 செ.மீ. நீளம், நடுவில் 2 செ.மீ. அகலம். சுற்றிலும் பட்டன்ஹோல் தையல் போட்டு, உள்ளே இருந்த துணியை வெட்டி எடுத்திருந்தேன். துவைத்துக் காயப்போடும்போது பார்த்தால், இலையின் இரண்டு முனைகளும் உறுதியாக நிற்கின்றன. வயிற்றுப்பகுதியில் மட்டும் தையல் ஓரம் மெல்லிய ரிப்பன் மாதிரி துணியை விட்டுக் கழன்று தொங்குகிறது. ஒரு தையல்கூட அறுந்திருக்கவில்லை. அதே ஊசி, அதே நூல், அதே கத்தரி. பிறகு ஏன் வயிறு மட்டும் கழன்றது?

கட்வொர்க் பழகுகிறவர்கள் பெரும்பாலும் வெட்டும் வேலையைத்தான் பயந்து பயந்து செய்கிறார்கள். பிசிறு வந்தால் கத்தரியைக் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில், ஓரம் நிற்குமா கழலுமா என்பது ஊசி துணிக்குள் இறங்கும் இடத்திலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது.

அந்த இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. இலையைத் துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் போக்கிலேயே நிமிர்த்தி வரைந்திருந்தேன். அதனால் வயிற்றுப்பகுதியில் கோடு ஏறக்குறைய பாவு இழைக்கு இணையாக ஓடியது. தையல் சீராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அதே இரண்டு பாவு இழைகளுக்கு நடுவில் ஊசியை இறக்கியிருக்கிறேன். தபால் தலைகளைக் கிழிக்க வசதியாக வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்களே, அதே வேலையை என் கையாலேயே துணிக்குச் செய்திருக்கிறேன். தையலுக்குள் சிக்கிய சில பாவு இழைகளை மற்ற துணியோடு பிணைத்திருந்தவை, குறுக்கே ஓடும் ஊடை இழைகளின் வெட்டுப்பட்ட குட்டை நுனிகள் மட்டும்தான். சலவையில் இழுபட்டதும் அந்த நுனிகள் உருவிக்கொண்டன, ஓரம் மொத்தமாக வழுக்கி வந்துவிட்டது. முனைப்பக்கம் கோடு இழைகளுக்குச் சாய்வாகப் போனதால், ஊசி ஒவ்வொரு முறையும் வேறு வேறு இழைகளுக்கு நடுவில் இறங்கியது. அதனால் அங்கே கழலவில்லை.

ஆகவே முதல் தவறு, தையலின் ஆழத்தை இழை எண்ணி ஒரே வரிசையில் வைப்பது. கோடு பாவுக்கோ ஊடைக்கோ இணையாக ஓடும் இடங்களில் ஒரு தையல் 3 மி.மீ. ஆழம் என்றால் அடுத்தது ஓரிரு இழை கூடுதலாக இறங்கட்டும், அதற்கடுத்தது பழையபடி. அரை மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துணிக்குத் தெரியும். வரையும்போதே இலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் இணையாக ஓடும் தூரமும் குறையும். முழுக்கக் கிராஸாக, அதாவது இரண்டு இழைகளுக்கும் மூலைவாட்டாக வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கிராஸில் துணி இழுபட்டு நீளும், தைக்கும்போதே இலை கோணிக்கொள்ளும்.

அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தவறு, ஆழமே போதாமல் தைப்பது. மெல்லிசாக இருந்தால் அழகு என்று ஒன்று, ஒன்றரை மி.மீ.-இல் தைத்தால் அதற்குள் மூன்று நான்கு இழைதான் அகப்படும். நெருக்கமாக நெய்த மெல்லிய காட்டனில் 3 மி.மீ.-க்குள் எட்டு, பத்து இழை வரும், அது பிடிக்கும். தளர்வாக நெய்த துணியில் அதே 3 மி.மீ.-இல் பாதி இழைதான் கிடைக்கும், அதில் இன்னும் ஆழம் வேண்டும். இழைகள் கையில் வழுக்கி நகரும் துணி என்றால் நான் கட்வொர்க்குக்கு எடுப்பதே இல்லை. துணியின் ஒரு மூலையை வெட்டி நகத்தால் நாலு முறை கீறிப் பாருங்கள். இழை உடனே உதிர்ந்தால் வேறு துணி தேடுவது நல்லது.

பட்டன்ஹோலுக்கு அடியில் போட வேண்டிய ரன்னிங் தையலைப் போடாமல் விடுவதும் இந்த இடத்தில்தான் விலை கேட்கும். கோட்டிலிருந்து இலைக்கு வெளியே 1 மி.மீ. தள்ளி ஒரு வரிசை, இன்னும் 1 மி.மீ. தள்ளி இன்னொரு வரிசை. முதல் வரிசையில் நூல் மேலே தெரியும் இடத்தில் இரண்டாம் வரிசையில் அது கீழே போகட்டும். இந்த இரண்டு வரிசையும் ஊடை இழைகளை அங்கங்கே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஓரம் இழுபட்டு நீளாமலும் இருக்கும். மேலே வரும் பட்டன்ஹோலுக்குக் கொஞ்சம் மேடும் கிடைக்கும். ஓட்டையின் நடுவில் குறுக்கே நிற்கும் நூல் பாலம் வேண்டுமென்றால் அதற்கான நூலையும் இந்தக் கட்டத்திலேயே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மூன்று முறை போட்டுவிட வேண்டும். பாலத்தின்மேல் பட்டன்ஹோல் போடும்போது ஊசி துணியைக் குத்தக் கூடாது. குத்தினால், பிறகு அடியில் இருக்கும் துணியை எடுக்கவே முடியாது.

பட்டன்ஹோல் தையலின் ஓரத்தில் வரிசையாக விழும் கண்ணி எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதில் புதியவர்கள் குழம்புவது இயல்பு. வெட்டி எடுக்கப்போகும் பக்கத்தில்தான் கண்ணி வரிசை உட்கார வேண்டும். ஊசி இலைக்கு வெளியே துணியில் இறங்கி, இலையின் கோட்டில் மேலே வர வேண்டும். நூல் ஊசிக்கு அடியில் இருக்க வேண்டும். தொடங்குமுன் வெட்ட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டுக்கொள்வேன். பூவும் இலையும் நெருங்கி நிற்கும் வடிவத்தில் எது ஓட்டை, எது துணி என்று பாதித் தையலில் மறந்துபோகும்.

தையல்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்? இரண்டு இழை எம்பிராய்டரி நூலில் ஒரு செ.மீ.-க்குப் பத்துப் பன்னிரண்டு தையல் எனக்குச் சரியாக வருகிறது. எண்ணிக்கையைவிடப் பார்வை முக்கியம்: கண்ணிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. ஏறினால் ஓரம் அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும். இடைவெளி விட்டால் அந்தச் சந்து வழியாக வெட்டிய இழை எட்டிப்பார்க்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணிகளுக்கு நடுவே துணி தெரியும் இடங்கள் உடனே அகப்படும். வெட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு தையலைச் செருகிவிடலாம். வெட்டியபின் அது சிரமம்.

இலையின் முனையில் நிலைமை வேறு. அங்கே கண்ணிகள் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கிக் குவியும், தையலின் கால்கள் வெளியே விசிறிபோல விரியும். எல்லா இடத்தையும் போலவே நெருக்கமாகப் போட்டால் முனையில் ஒரு கட்டி வரும், கத்தரி நுனி அதற்குள் நுழையாது, துணுக்கு அங்கேயே மிஞ்சும். முனைவரைக்கும் தைத்து வந்து, முனைக்கு நேராக ஒரே ஒரு தையல் போட்டு, அப்படியே அடுத்த பக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

நூல் தீரும்போது முடிச்சுப் போடுவதும் வேண்டாம். கடைசிக் கண்ணியைத் தாண்டி அதன் ஓரத்திலேயே ஊசியைப் பின்பக்கம் இறக்கி, ஏற்கெனவே தைத்த கால்களுக்கு அடியில் ஐந்தாறு தையல் தூரம் நூலைச் செருகி வெட்டுங்கள். புது நூலையும் அதேபோலப் பின்னால் செருகிக் கொண்டுவந்து, அந்தக் கடைசிக் கண்ணிக்கு உள்ளிருந்து மேலே எடுத்தால் சங்கிலி அறுந்த இடமே தெரியாது. முடிச்சு ஓரத்தில் இருந்தால் ஒரு நாள் கத்தரி அதைக் கடித்துவிடும்.

தைத்து முடித்த அன்றே வெட்ட வேண்டும் என்று கை துடிக்கும். பொறுங்கள். எல்லாத் தையலும் முடிந்த பிறகு துணியை ஒருமுறை அலசுங்கள். வரைந்த கோடு போகும், துணியும் நூலும் சுருங்க வேண்டியது சுருங்கி ஒன்றோடொன்று இறுகும். நன்றாக உலர்ந்ததும், தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தில் இஸ்திரி போடுங்கள். தையலின் மேடு நசுங்காது. இஸ்திரிக்கு முன் கொஞ்சம் கஞ்சி போட்டால் துணி விறைப்பாக நிற்கும், வெட்டு சுத்தமாக விழும்.

வெட்டும்போது செய்யும் பெரிய தவறு, கத்தரியை ஓரத்தோடு வைத்துக்கொண்டு நேராகச் சுற்றி வருவது. நான் செய்வது இப்படி: துணியைப் பின்பக்கம் திருப்புவேன். இலையின் நட்ட நடுவில் நுனியால் ஒரு ஓட்டை, அங்கிருந்து இரண்டு முனைகளை நோக்கியும் நீளவாக்கில் ஒரு கீறல். பிறகு நடுவிலிருந்து இரு பக்க ஓரத்துக்கும் குறுக்கே ஒவ்வொரு கீறல், கண்ணிக்கு ஒரு மி.மீ. முன்னால் நின்றுவிட வேண்டும். இப்போது நான்கு மடல்கள் கிடைக்கும். ஒரு மடலை என் பக்கமாக, தையலின்மேல் மடித்து லேசாக இழுத்துப் பிடித்து, மடிப்பை ஒட்டி வெட்டுவேன். இழுப்பில் இருப்பதால் வெட்டிய நுனி பின்பக்கமாகவே ஒதுங்கிக்கொள்ளும், முன்னால் கண்ணி வரிசை மட்டும் தெரியும். ஒவ்வொரு முறை கத்தரியை மூடுவதற்கு முன்னும் அடியில் இருக்கும் அலகு கண்ணிக்குள் மாட்டியிருக்கிறதா என்று முன்பக்கம் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கத்தரி சின்னதாக, நுனிவரை கூராக இருக்க வேண்டும். நுனி கொஞ்சம் வளைந்திருந்தால் இன்னும் வசதி. ஒற்றைத் துணியை நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். வெட்டாமல் மடித்து மெல்லுகிறது என்றால் அந்தக் கத்தரியோடு இந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

வெட்டியபின் எட்டிப்பார்க்கும் இழையைப் பிடித்து உருவுவதும் பழக்கதோஷம். அது வெறும் நுனி இல்லை, தையலுக்குள் இருக்கும் இழை. உருவினால் பக்கத்து இழைக்கும் பிடி போகும். பிசிறை வெட்டத்தான் வேண்டும். அடுத்த சலவையில் இன்னும் சில நுனிகள் எழும்பும். உலர்ந்தபின் அவற்றையும் கத்தரி நுனியால் வெட்டிவிட்டால் அதன்பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் ஒரு கண்ணி வெட்டுப்படும். அப்போது அறுந்த நூலை இழுக்காதீர்கள், பிரிக்காதீர்கள். வெட்டுப்பட்ட இடத்துக்கு ஐந்தாறு தையல் முன்னால் பின்பக்கத்தில் புது நூலைச் செருகிப் பிடித்து, பழைய தையலின் மேலேயே மறுபடி பட்டன்ஹோல் போடுங்கள், இந்த முறை ஓரிரு இழை ஆழமாக. வெட்டுப்பட்ட இடத்தைத் தாண்டி இன்னும் ஐந்தாறு தையல் போய் நூலைப் பின்னால் செருகி முடியுங்கள். அந்த இடம் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கும். என் இலையின் வயிற்றையும் இப்படித்தான் திரும்பத் தைத்தேன். கழன்ற ஓரத்தை ஊசியால் பழைய இடத்துக்கு நகர்த்தி, 5 மி.மீ. ஆழத்தில், தையலுக்குத் தையல் ஓரிரு இழை மாற்றி. ஒரு பக்கம் அகலமாகத் தெரியக் கூடாது என்று எதிர்ப்பக்கத்துக்கும் அதே அகலம் கொடுத்தேன்.