சவுண்ட்பாரை எந்த எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகுவது? ஒலி விட்டுவிட்டு வந்தால் என்ன செய்வது?

டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் அக்கா வீட்டு டிவியையே எடுத்துக்கொள்வோம். படம் தடையின்றி ஓடும். சவுண்ட்பாரில் மட்டும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒலி ஒரு நொடி அறுந்து திரும்பும்.

முதலில் டிவியின் பின்புறத்தைப் பாருங்கள். எச்டிஎம்ஐ போர்ட்டுகள் மூன்று நான்கு இருந்தாலும், ஒலியை வெளியே திருப்பி அனுப்புவது பெரும்பாலும் ஒன்றுதான். அதன் அருகில் ARC அல்லது eARC என்று அச்சிட்டிருக்கும். அக்கா வீட்டில் அந்த இடத்தை, சேனல்களைக் கொண்டுவரும் டிகோடர் பெட்டி பிடித்திருந்தது. அதை வேறு போர்ட்டுக்கு மாற்றிவிட்டு, அங்கே சவுண்ட்பாரின் கேபிளைச் செருகினோம். கேபிளின் மறுமுனை, சவுண்ட்பாரில் HDMI OUT அல்லது TV ARC என்று எழுதிய போர்ட்டுக்குப் போக வேண்டும். HDMI IN என்பது பிளேயர் போன்றவற்றுக்கானது. அதில் செருகினால் டிவியின் ஒலி வராது.

அடுத்து, எச்டிஎம்ஐ கேபிள் வழியே கருவிகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்த உதவும் சிஇசி வசதியை டிவியின் செட்டிங்ஸில் இயக்குங்கள். சாம்சங்கில் அதன் பெயர் Anynet+, எல்ஜியில் SIMPLINK, சோனியில் BRAVIA Sync. பிறகு ஒலி வெளியேறும் இடமாக ARC-ஐத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒலி அறுந்தால், இரண்டு கருவிகளின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் செருகுங்கள். ரிமோட்டில் அணைப்பது போதாது. லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் திரும்பும்போது இரண்டும் ஒரே நேரத்தில் விழித்து, ஒன்றையொன்று சரியாக அடையாளம் காணாமல் போவதுண்டு. அந்தக் குழப்பம் இதிலேயே தீரும்.

தீராவிட்டால், நான் மிகவும் நம்பும் சோதனை இது. டிவியின் ஒலி செட்டிங்ஸில் Digital Output என்பதை, டால்பி வடிவில் இல்லாத சாதாரண டிஜிட்டல் ஒலியான PCM என மாற்றி, முன்பு ஒலி அறுந்த அதே நிகழ்ச்சியைப் பத்து நிமிடம் கேளுங்கள். பிசிஎம்மிலும் அறுந்தால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். அறுதல் நின்றுவிட்டால், டால்பி ஒலியைக் கொடுப்பதிலோ வாங்குவதிலோதான் சிக்கல். ஆனால் பிசிஎம்மிலேயே விட்டுவிடாதீர்கள். சாதாரண ஏஆர்சியில் அது ஸ்டீரியோவாகச் சுருங்கிவிடும், பின்புற ஒலிபெருக்கிகளுக்குத் தனி ஒலி கிடைக்காது.

அக்கா வீட்டில் பிசிஎம்மில் அறுதல் நின்றது. எனவே Digital Output-ஐ மறுபடி Auto ஆக்கி, eARC என்பதை மட்டும் Off செய்தோம். ஒலி சாதாரண ஏஆர்சி வழிக்கு இறங்கியது, டால்பி 5.1 அறுபடாமல் வந்தது. இதனால் அக்காவுக்கு இழப்பில்லை. புளூரே தட்டுகளில் வரும் தரம் இழக்காத பல சேனல் ஒலிக்குத்தான் ஈஏஆர்சி அவசியம். ஸ்ட்ரீமிங்கில் வரும் டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸை ஏஆர்சியே தாங்கும்.

அத்தகைய தட்டுகளைப் பார்ப்பவர் என்றால், Ultra High Speed என்று அச்சிட்ட, தேவைக்கு மேல் நீளமில்லாத புதிய கேபிளைப் போட்டுவிட்டு eARC-ஐ மீண்டும் Auto ஆக்கிப் பாருங்கள். அதன் பிறகும் அறுந்தால் டிவி, சவுண்ட்பார் இரண்டின் மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டும்.